மகளுக்கு ஒரு ஊசியா, இரண்டு ஊசியா? மகனுக்கும் வேண்டுமா? (எச்பிவி தடுப்பூசி)

பழனி_கவிதா

வணக்கம். என் மகளுக்குச் சித்திரையில் பதின்மூன்று முடிந்தது. மகனுக்குப் பதினொன்று. எனக்கு முப்பத்தெட்டு. சென்ற வாரம் மகளைக் காய்ச்சலுக்குக் காட்டப் போனபோது குழந்தை மருத்துவர், "எச்பிவி ஊசி போட்டாயிற்றா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸைத் தடுக்கும் செர்வாவேக் என்ற ஊசி, ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை, ஒன்று இரண்டாயிரம் ரூபாய் அளவில் வரும் என்றார்.

பள்ளி வாசலில் இன்னொரு பிள்ளையின் தாயிடம் பேசினேன். 2025 பட்ஜெட்டிலேயே பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகளுக்கு அரசே போடும் என்று அறிவித்துவிட்டார்கள், ஒரே ஊசி போதும், ஏன் பணத்தைச் செலவழிக்கிறாய் என்றார். ஒரு ஊசியா, இரண்டு ஊசியா என்பதில் எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

இதை நான் சும்மா கேட்கவில்லை. என் மாமியாரின் தங்கை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் போனார். மாதவிலக்கு நின்று நான்கு வருடம் கழித்துத் திரும்பவும் ரத்தம் பட்டது. "உடம்புச் சூடு" என்று ஆறு மாதம் வெந்தயமும் மோரும் குடித்துக்கொண்டிருந்தார். காட்டும்போது மூன்றாம் நிலை. அவரைக் கடைசி இரண்டு மாதம் பார்த்துக்கொண்டது நான்தான். என் மகளை அந்த இடத்தில் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கணவரின் அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து கதிர்வீச்சு கொடுத்தார்கள். அதற்கும் இதே வைரஸ்தான் காரணம் என்று எங்கோ படித்தேன். அப்படியானால் மகனுக்கும் போட வேண்டுமா?

ராஜ்_கோவை

சகோதரி, குழம்பவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனமே 2022இல் ஒரு தவணை போதும் என்று சொல்லிவிட்டது. அரசு போடும்வரை காத்திருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் போட்டால்தான் பலன், அதற்குப் பிறகு போட்டால் வெறும் தண்ணீர். பையன்களுக்குக் கர்ப்பப்பை கிடையாது, அதனால் அவர்களுக்குத் தேவையில்லை. தனியார் மருத்துவமனையில் இரண்டு தவணை என்பது விற்பனைக்காகச் சொல்வது.

வயல்வெளி_மருத்துவர்

நான் சமுதாய மருத்துவம் படித்தவள். இருபது வருடமாக இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வேலை. ராஜ் சொன்னதில் பாதி சரி. மறுபாதியைத் திருத்தாவிட்டால் கவிதா தவறான முடிவெடுத்துவிடுவார் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது இதுதான்: ஒன்பது முதல் இருபது வயதுவரை ஒன்று அல்லது இரண்டு தவணை போடலாம். இருபத்தொன்றுக்கு மேல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு. எச்ஐவி போன்ற காரணத்தால் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்குக் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. ஆகவே ஒரு தவணை என்பது அரசுத் திட்டங்களுக்காக யாரோ செய்த சிக்கனம் அல்ல. அதற்குப் பின்னால் பெரிய சான்று இருக்கிறது. அந்தச் சான்றின் ஒரு பகுதி உங்கள் ஊரிலிருந்து அரை மணிப் பயணத்தில் இருக்கிறது, கவிதா: ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்து அம்பிளிக்கை.

2009 செப்டம்பரில் இந்தியாவில் பல மையங்களில் ஓர் ஆய்வு தொடங்கியது. நடத்தியது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, தலைமை டாக்டர் சங்கரநாராயணன். பத்து முதல் பதினெட்டு வயதுவரையுள்ள, கல்யாணம் ஆகாத பெண் பிள்ளைகள் இருபதாயிரம் பேர் என்பது திட்டம். பாதிப் பேருக்கு மூன்று தவணை, மீதிப் பேருக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை. இரண்டும் மூன்றும் சமமா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு தவணை என்ற எண்ணமே அப்போது யாருக்கும் இல்லை.

2010 ஏப்ரலில் மத்திய அரசு நாடு முழுவதும் எச்பிவி தடுப்பூசி ஆய்வுகளை நிறுத்தச் சொன்னது. அப்போது பதினேழாயிரத்து எழுநூறு பேர் அளவில் ஊசி போட்டிருந்தார்கள். இரண்டாம் ஊசிக்கு ஆறு மாதம் ஆவதற்குள் உத்தரவு வந்துவிட்டதால் ஏறத்தாழ ஐயாயிரம் பிள்ளைகள் ஒரே ஊசியோடு நின்றுபோனார்கள். அத்தனை பேரையும் விட்டுவிடாமல் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2021இல் வந்த பத்தாண்டு முடிவில், ஒரு ஊசி போட்டவர்களில் மாதிரி எடுத்துப் பார்த்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேரிடம், இந்தப் புற்றுக்கு முக்கியக் காரணமான 16, 18 வகை வைரஸ் நிலைத்துத் தங்குவது 95 சதவீதம் தடுக்கப்பட்டிருந்தது. இரண்டு ஊசிக்காரர்களுக்கும் மூன்று ஊசிக்காரர்களுக்கும் 93. அதாவது வித்தியாசம் இல்லை.

ராஜ் தவறிய இடம் இது. அம்பிளிக்கையிலும் மற்ற மையங்களிலும் போட்டது கார்டசில் என்ற வெளிநாட்டு ஊசி. கவிதாவின் மருத்துவர் சொல்வது செர்வாவேக். 2022இல் அனுமதி பெற்ற நம் நாட்டுத் தயாரிப்பு, நல்ல ஊசி, அதே நான்கு வகை வைரஸுக்கு எதிரானது. ஆனால் கார்டசிலுக்கு இருப்பது போல ஒற்றைத் தவணையில் பத்தாண்டுப் பின்தொடர்தல் அதற்குக் கிடையாது. அது வெளியில் வந்தே சில வருடம்தான் ஆகிறது. எனவே அந்த மருத்துவர் செர்வாவேக்குக்கு இரண்டு தவணை சொன்னது விற்பனைப் பேச்சு அல்ல. அந்த ஊசிக்கு உரிமம் கொடுத்ததே அப்படித்தான்.

கேள்விகள்_ஆயிரம்

டாக்டர் அம்மா, 2010இல் ஆய்வை நிறுத்தியதை ஏதோ காகித வேலை போலச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று சொல்லவில்லை. கம்மத்தில் பழங்குடிப் பெண் பிள்ளைகள் செத்தார்கள். விடுதிக் காப்பாளர் கையெழுத்துப் போட்டு ஊசி போட்டார்கள். பெற்றவர்களைக் கேட்கவே இல்லை. நான் அப்போது பத்ராசலம் பக்கம் வேலை பார்த்தேன். அந்தப் பெற்றோரில் சிலருக்குத் தங்கள் பிள்ளைக்கு என்ன ஊசி போட்டார்கள் என்றுகூடத் தெரியாது. அவர்கள் அழுததை நான் கண்ணால் பார்த்தேன். இதையெல்லாம் மறைத்துவிட்டு "பெரிய சான்று" என்றால் எப்படி நம்புவது?

வயல்வெளி_மருத்துவர்

மறைக்கவில்லை ஐயா. நீங்கள் கேட்டது நியாயம், நான்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு வேறு வேலைகள் ஒரே சமயத்தில் நடந்தன. ஒன்று, நான் சொன்ன ஆய்வு. மற்றொன்று, பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் நடத்திய செயல்விளக்கத் திட்டம். கம்மத்தில் ஐந்து, வதோதராவில் இரண்டு என ஏழு பெண் பிள்ளைகள் இறந்தார்கள். விசாரணையில் கிடைத்த காரணங்கள் நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து, மலேரியா போன்றவை. ஊசியால் இறந்ததாக எதுவும் தெரியவரவில்லை. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதத்தில் நடந்த அநியாயம் உண்மை. விடுதிப் பிள்ளைகளுக்குக் காப்பாளர்கள் கையெழுத்திட்டார்கள். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. கண்டித்தது சரி.

எனக்கு இதில் தீராத வருத்தம் ஒன்று இருக்கிறது. ஒப்புதலில் காட்டிய அலட்சியத்தால் இந்தத் தடுப்பூசியின் பெயரே கெட்டு, பத்து வருடத்துக்கு மேல் நம் பெண் பிள்ளைகளுக்கு அது கிடைக்காமல் போனது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ எண்பதாயிரம் பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தார்கள் என்பது உலகக் கணக்கு. இன்று பள்ளியில் ஊசி போடப் போகும் எங்கள் ஆட்களிடம் நான் முதலில் சொல்வது, பெற்றோர் கையெழுத்தைப் பெற்றோரிடமே வாங்குங்கள், வாங்குவதற்குமுன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள் என்பதுதான்.

ஆய்வின் குறை ஒன்றும் இருக்கிறது. ஒரு ஊசிக்காரர்களைக் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை, உத்தரவு வந்த தேதி தேர்ந்தெடுத்தது. ஊசி போடாத ஒப்பீட்டுக் குழுவையும் பின்னால்தான் சேர்த்தார்கள். இதற்காக ஒருவர் சந்தேகப்பட்டால் தவறில்லை. அதற்காகவே கென்யாவில் குலுக்கல் முறையில் இளம் பெண்களிடம் ஒரு தவணையைச் சோதித்தார்கள். பதினெட்டு மாதத்தில் 97.5 சதவீதம் பலன் வந்தது. இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தபிறகுதான் பரிந்துரை மாறியது.

ஒட்டன்சத்திரம்_செல்வி

இந்த இழையை என் தோழி அனுப்பினாள். படித்துக்கொண்டே வந்து கை நின்றுவிட்டது. நான் அந்த ஒரு ஊசிக்காரி.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. ஊருக்கு வந்து அம்மாவையும் அப்பாவையும் உட்காரவைத்துப் பேசினார்கள். அப்பா கைநாட்டு, அம்மா கையெழுத்து. இடது தோளில் ஊசி, முன்னால் கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள். அடுத்த ஊசிக்குத் தேதி எழுதிய அட்டை கொடுத்தார்கள். அந்தத் தேதி வருவதற்குள், ஊசி இப்போதைக்கு இல்லை என்று வந்து சொன்னார்கள். அம்மா பயந்துபோய், பாதியில் நிறுத்தினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டது நினைவிருக்கிறது.

கல்யாணம் ஆகி முதல் பிள்ளை பிறந்து ஆறு மாதம் கழித்து அழைத்தார்கள். உள்ளே சின்னத் தூரிகை போன்ற ஒன்றால் துடைத்து எடுத்தார்கள். வலி இல்லை, கூச்சம்தான். அடுத்தடுத்த வருடங்களிலும் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். எதற்காக இப்படித் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கு முழுதாகப் புரிந்ததே இன்றைக்குத்தான்.

டாக்டர், ஒரு கேள்வி. எனக்கு இப்போது முப்பது. விட்டுப்போன ஊசியை இப்போது போட்டுக்கொள்ளலாமா?

வயல்வெளி_மருத்துவர்

செல்வி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எழுத முடியவில்லை. உங்களைப் போன்றவர்கள் வருடாவருடம் வந்து படுத்துக் காட்டியதால்தான் இன்று பல நாடுகளால் ஆளுக்கு ஒரே ஊசி என்று இரண்டு மடங்கு பிள்ளைகளுக்குப் போட முடிகிறது.

உங்கள் குழுவின் முடிவுகளைப் பார்த்தால் அவசரமாக இன்னொன்று போடக் காரணம் இல்லை. ஒரு ஊசிக்குப் பிறகு ரத்தத்தில் எதிர்ப்பொருள் இரண்டு ஊசிக்காரர்களைவிடக் குறைவுதான். ஆனால் ஒரு மட்டத்துக்கு இறங்கி அங்கேயே நிற்கிறது, வருடக்கணக்கில் மேலும் கீழே போகவில்லை. ஊசியில் இருப்பது வைரஸின் மேலோடு மட்டும், உள்ளே மரபணு கிடையாது. அந்த மேலோட்டின் புரதம் அச்சில் வார்த்தது போல ஒரே ஒழுங்கில் அடுக்கியிருப்பதால் உடம்பு அதை முதல் பார்வையிலேயே ஆழமாகப் பதித்துக்கொள்கிறது என்பது விளக்கம்.

ஆனால் முப்பது வயது ஆனதால் பரிசோதனையை மட்டும் விடாதீர்கள். ஊசி 16, 18 இரண்டையும் தடுக்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் நூற்றுக்கு எழுபதுக்குமேல் இந்த இரண்டால் வருவது. மீதி வேறு வகைகளால் வருவது.

மல்லிகை_78

எனக்கு நாற்பத்தேழு வயது. போன மாதம் முகாமில் எச்பிவி சோதனை செய்தார்கள். 16 வகை இருக்கிறது என்று முடிவு வந்திருக்கிறது. இந்த இழையைப் பார்த்தபின் நிம்மதி வந்தது. இந்த ஊசியை இரண்டு தவணை போட்டால் வைரஸ் போய்விடும் அல்லவா? எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள். பக்கத்து மருந்துக்கடையில் சொல்லிவைத்திருக்கிறேன்.

வயல்வெளி_மருத்துவர்

மல்லிகை அம்மா, தயவுசெய்து மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். ஏற்கெனவே உள்ளே இருக்கும் வைரஸை இந்த ஊசி விரட்டாது. அது வராமல் தடுக்கும், வந்ததைத் துடைக்காது. அதனால்தான் சிறுவயதில் போடுகிறோம். ராஜ் "கல்யாணத்துக்குப் பின் வெறும் தண்ணீர்" என்றது மிகை. இன்னும் தொற்றாத வகைகளுக்கு எதிராக அப்போதும் வேலை செய்யும், ஆனால் வயது ஏற ஏறப் பலன் குறையும்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. 16 வகை என்று தெரிந்தால் அடுத்த படி கால்போஸ்கோபி, அதாவது உருப்பெருக்கி வைத்துக் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மகப்பேறு புறநோயாளர் பிரிவில் கேளுங்கள், அந்த முடிவுத் தாளை எடுத்துச் செல்லுங்கள். வைரஸ் இருக்கிறது என்றால் புற்றுநோய் இருக்கிறது என்று பொருள் அல்ல. பெரும்பாலும் தொற்று தானாகவே போய்விடும். தங்கிவிட்டால் புற்றாக மாறப் பொதுவாகப் பதினைந்து, இருபது வருடம் எடுக்கும். ஆனால் உங்கள் வயதில் அது எப்போது வந்தது என்று தெரியாது. இந்த மாதமே போங்கள்.

ஓய்வுபெற்ற_செவிலி

மல்லிகை, போகப் பயமாக இருந்தால் சொல்கிறேன் கேளுங்கள். நான் திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி எடுத்து ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் பார்த்தவள். எங்கள் முறை இன்னும் எளிது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்து வைத்து, ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருப்போம். மாற்றம் உள்ள இடம் பால் ஏடு படிந்த மாதிரி வெள்ளையாகத் தெரியும். இல்லையென்றால் இளஞ்சிவப்பாகவே இருக்கும். வெள்ளை தெரிந்தவர்களில் தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே குளிர்வித்து அழித்தோம், வீட்டுக்கு நடந்தே போனார்கள்.

இதே மாவட்டத்தில் முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயதுவரையுள்ள பெண்களிடம் இப்படி ஒரே ஒரு முறை பார்த்ததில் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007இல் வெளியான கணக்கு அது. ஊசி வருமுன்னே நாங்கள் செய்த வேலை. கவிதா, நீங்களும் இதற்குள்தான் வருகிறீர்கள். முப்பத்தெட்டில் ஊசியைவிட உங்களுக்கு முதலில் தேவை இந்தப் பரிசோதனை. உங்கள் மாமியாரின் தங்கைக்கு நாற்பதில் யாராவது பார்த்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு வருகிறது.

பழனி_கவிதா

அம்மா, நான் இதுவரை ஒரு முறையும் பார்த்துக்கொண்டதில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது. பார்க்கிறேன்.

தொண்டைப் புற்றுநோய் பற்றி யாரும் சொல்லவில்லையே.

தொண்டை_அறுவை

காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவன் நான், தலை கழுத்துப் புற்றுநோய்தான் என் அன்றாட வேலை. அதனால் இந்தப் பகுதியை நான் சொல்கிறேன். முதலில் கவிதாவிடம் ஒரு கேள்வி: அண்ணனுக்குத் தொண்டையில் எந்த இடம்? கன்னத்தின் உட்புறமா, நாக்கின் ஓரமா, குரல்வளையா, அல்லது உள்நாக்குக்குப் பக்கத்தில் இருக்கும் டான்சிலா?

பழனி_கவிதா

கன்னத்தில் தொடங்கித் தாடை வரை என்று சொன்னார்கள் டாக்டர். நாங்கள் பேச்சுவழக்கில் தொண்டை என்றே சொல்லிவிட்டோம். அவருக்கு ஹான்ஸ் வைக்கும் பழக்கம் இருபது வருடம்.

தொண்டை_அறுவை

அப்படியானால் அது இந்த வைரஸால் வந்தது அல்ல, புகையிலையால் வந்தது என்றே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு இந்த ஊசி எதுவும் செய்யாது. நம் ஊரில் நான் பார்க்கும் வாய்ப் புற்றுநோய்களில் மிகப் பெரும்பங்கு கன்னமும் நாக்கும்தான். வெற்றிலை பாக்கு, புகையிலை, பீடி. ஊசி போட்டுவிட்டோம் என்று ஒரு பையன் ஹான்ஸைத் தொட்டால் அவனுக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

எச்பிவி போய் உட்காரும் இடம் டான்சிலும் நாக்கின் அடிப்பகுதியும். டான்சிலின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்காது, ஆழமான குழிகள் இருக்கும். அந்தக் குழிகளின் அடியில் மேல்தோல் சல்லடை போல மெலிந்திருப்பதால் வைரஸ் எளிதாக உள்ளே போகிறது. இப்படி வரும் புற்றில் பத்தில் ஒன்பது அளவுக்கு 16 வகைதான் காரணம். நோயாளிக்குப் பெரும்பாலும் வலி இருக்காது. கழுத்தில் ஒரு கட்டி, சவரம் செய்யும்போது கையில் தட்டுப்படும். நெறிகட்டி என்று இரண்டு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். திசு எடுத்து பி16 என்ற சாயச் சோதனை செய்து பார்த்தால் வைரஸ் தொடர்பு தெரியும். புகைப்பிடிக்காத நாற்பத்தைந்து வயது ஆணிடம் இதைக் கண்டபோது முதலில் நானே நம்பவில்லை.

அமெரிக்காவில் டான்சில், நாக்கடிப் புற்றுநோயில் பத்தில் ஏழு இந்த வைரஸோடு தொடர்புடையவை. அங்கே எச்பிவியால் ஆண்களுக்கு வரும் இந்தப் புற்று, பெண்களின் கர்ப்பப்பை வாய்ப் புற்றைவிட எண்ணிக்கையில் கூடிவிட்டது. நம் நாட்டில் அந்தப் பங்கு மிகக் குறைவு. ஆகவே கணக்குப் பார்த்தால் அங்கே பையன்களுக்குப் போடுவதற்கு இருக்கும் காரணம் இங்கே அதே எடையில் இல்லை.

இருந்தாலும் ஒன்று என்னை உறுத்துகிறது. கர்ப்பப்பை வாயில் செவிலி அம்மா சொன்னது போல முன்நிலை வெள்ளைத் திட்டாகத் தெரியும், அழிக்கலாம். டான்சில் குழியில் அப்படி ஒரு முன்நிலையைப் பார்க்க வழியே இல்லை, பரிசோதனை என்று ஒன்று கிடையாது. தெரியும்போது புற்றாகவே தெரியும். அங்கே தடுப்பதற்கு இருக்கும் ஒரே கருவி ஊசி.

ராஜ்_கோவை

டாக்டர், பையன்களுக்கு வேண்டாம் என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் தொண்டைப் புற்றை ஊசி உண்மையிலேயே தடுக்கிறது என்று நிரூபித்திருக்கிறார்களா?

தொண்டை_அறுவை

நல்ல கேள்வி. கர்ப்பப்பை வாய்க்கு இருக்கும் அளவுக்கு இல்லை. ஸ்வீடனில் பதினேழு லட்சம் அளவுக்குப் பெண்களின் பதிவேட்டைப் பார்த்து 2020இல் எழுதினார்கள்: பதினேழு வயதுக்குமுன் ஊசி போட்டவர்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைவு. அது புற்றையே எண்ணிய கணக்கு. தொண்டையில் அப்படி எண்ண இன்னும் காலம் போதவில்லை, அது பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல் வரும் நோய். கையில் இருப்பது கோஸ்டாரிகாவில் பெண்களிடம் செய்த சோதனை. ஊசி போட்டு நான்கு வருடம் கழித்து வாயில் 16, 18 வகைத் தொற்று 93 சதவீதம் குறைவாக இருந்தது. பிறப்புறுப்பிலும் ஆசனவாயிலும் இந்த வைரஸால் வரும் நோயை ஊசி தடுப்பதை வைத்து அமெரிக்க மருந்துத் துறை 2020இல் தொண்டைப் புற்றையும் ஊசியின் பயனில் சேர்த்தது. அதுவும் தற்காலிக அடிப்படையில், மேலும் ஆய்வு செய்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நான் அதை நம்புகிறேன். நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

யாழ்_வாசுகி

எங்கள் பக்கத்து நிலையையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் 2017இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே போடுகிறார்கள், இலவசம். ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி என்றுதான் தொடங்கியது. என் மகள் போட்டாள். அன்று ஊசியைவிட வரிசையில் நின்ற பயம்தான் அவளுக்குப் பெரிது. இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். ஊசி போட்ட பிறகு உட்காரவைக்காமல் அனுப்பியதுதான் காரணம் என்று பிறகு சொன்னார்கள். ஆண் பிள்ளைகளுக்குப் போடுவதில்லை.

ஓய்வுபெற்ற_செவிலி

வாசுகி சொன்னதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் எந்த ஊசிக்கும் மயங்குவார்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு வரட்டும், போட்டபின் பதினைந்து நிமிடம் உட்காரட்டும். கை வலி, லேசான காய்ச்சல் ஒரு நாள் இருக்கும்.

இன்னொன்று, பணம் கொடுத்துப் போடுகிறவர்களுக்கு. இந்த ஊசி உறைந்தால் கெட்டுவிடும். குளிர்பெட்டியில் ஐஸ் கட்டியில் நேரே ஒட்டவைத்துக் கொண்டுவந்தால் போயிற்று. உறைந்து உருகிய குப்பியைக் குலுக்கினால் வெள்ளைத் துகள்கள் விரைவாக அடியில் படியும், நல்ல குப்பி ஒரே கலங்கலாக நிற்கும். மருந்துக்கடையில் வாங்கிக் கைப்பையில் வைத்து நீங்களே எடுத்துப் போகாதீர்கள். போடும் இடத்திலேயே வைத்திருக்கும் ஊசியைப் போடுங்கள்.

பழனி_கவிதா

இவ்வளவு எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். மகளுக்கு இப்போது செர்வாவேக் முதல் தவணை, ஆறு மாதத்தில் அடுத்தது. பதினைந்துக்கு முன் தொடங்குவதால் இரண்டு போதும். பத்தாயிரத்துக்கு மேல் விலை சொல்லும் ஒன்பது வகை ஊசி வேண்டுமா என்று கணவர் கேட்கிறார்.

வயல்வெளி_மருத்துவர்

சரியாகப் புரிந்திருக்கிறீர்கள். பதினைந்துக்குப் பிறகு தொடங்கினால் நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் மூன்று தவணை சொல்வார்கள். அரசுத் திட்டத்துக்குக் காத்திருப்பதும் தவறில்லை, அவளுக்குப் பதினான்கு ஆக ஒரு வருடம்கூட இல்லை. பள்ளியில் எந்த ஊசி, எத்தனை தவணை, எந்த மாதம் என்று கேட்டுத் தெளிவான பதில் கிடைத்தால் காத்திருங்கள். கிடைக்காவிட்டால் போட்டுவிடுங்கள்.

ஒன்பது வகை ஊசி கூடுதலாக ஐந்து வகைப் புற்று வைரஸைத் தடுக்கிறது, அது உண்மையான லாபம். ஆனால் பெரும்பங்கு 16, 18இல்தான் இருக்கிறது. அந்தப் பணத்தில் உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் செர்வாவேக் முடிந்து மீதியும் இருக்கும். ஒன்பது முதல் இருபத்தாறு வயதுவரை ஆண், பெண் இருவருக்கும் செர்வாவேக்குக்கு அனுமதி உண்டு.

தொண்டை_அறுவை

இங்கே நான் டாக்டரைவிட ஒரு படி மேலே போகிறேன். வசதி இருந்தால் மகனுக்கும் போடுங்கள் என்று நான் சொல்வேன். தொண்டையில் இந்த வைரஸால் வருவது ஏறக்குறைய முழுவதும் 16 வகை என்பதால் விலை உயர்ந்த ஊசி அவனுக்குத் தேவையே இல்லை.

வயல்வெளி_மருத்துவர்

ஒரு வீட்டின் முடிவாக நானும் மறுக்கவில்லை டாக்டர். அரசின் முடிவாக மறுக்கிறேன். கையில் இருக்கும் ஊசி எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் எட்டும்வரை அதைப் பையன்களுக்குப் பிரிக்கக் கூடாது. பெண் பிள்ளைகளில் பெரும்பாலோர் போட்டுவிட்டால் வைரஸின் நடமாட்டமே குறைந்து பையன்களும் ஓரளவு காப்பாற்றப்படுவார்கள்.

கேள்விகள்_ஆயிரம்

பையனுக்குப் போடுவதாக இருந்தால் பதினொரு வயதுப் பையனிடமும் எதற்கு என்று சொல்லிவிட்டுப் போடுங்கள் கவிதா. அவனுடைய உடம்பு.

பழனி_கவிதா

பள்ளியில் கேட்டேன். "உத்தரவு வந்ததும் சொல்கிறோம்" என்றார்கள், மாதம் சொல்லவில்லை. அதனால் சனிக்கிழமை மகளுக்கு முதல் ஊசி போட்டாயிற்று. குப்பியை அங்கிருந்த குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்ததைப் பார்த்தேன், வெளியே ஒன்பதரை மணிவரை உட்கார்ந்திருந்தோம். எதற்கு இந்த ஊசி என்று கேட்டாள். சின்னப் பாட்டியின் கதையைச் சொன்னேன், வெந்தயத்தையும் மோரையும் சேர்த்து. அடுத்த ஊசித் தேதியை அரிசி டப்பாவுக்கு மேலே காலண்டரில் அவளே வட்டமிட்டுவிட்டாள்.

நான் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறேன், மாமியாரையும் அழைத்துக்கொண்டு. மகன் விஷயத்தில் கணவரும் நானும் இன்னும் முடிவுக்கு வரவில்லை. அவன் தன் பெரியப்பாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவருக்கு வந்தது வேறு என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் எனக்கு எதற்கு என்று கேட்கிறான்.

மல்லிகை_78

கால்போஸ்கோபிக்கு வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். மருந்துக்கடையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செவிலி அம்மா, அன்றைக்கு ஒரு வார்த்தை இங்கே எழுதுகிறேன்.